ஈடிபஸுக்குக் கிடைத்தது தண்டனையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சோஃபக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ என்ற கிரேக்க நாடகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஈடிபஸின் கர்வம்தான் அவனுடைய ஹமார்த்தியா, அதாவது அவனை வீழ்த்திய பிழை, அது தண்டிக்கப்பட்டதும் அவன் ஆண்ட தீப்ஸ் நகரில் அறம் மீள்கிறது என்று கட்டுரை முடிகிறது. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஹமார்த்தியா என்றால் குறி தவறுவது. எறிந்த ஈட்டி ஆள்மேல் படாமல் போனால், ஹோமர் இதே வேரில் பிறந்த வினைச்சொல்லைத்தான் சொல்கிறார். ஈடிபஸ் கோபக்காரன், சரி. முச்சந்தியில் வண்டியில் வந்த கிழவர் தார்க்கோலால் தலையில் அடித்ததும், திருப்பி அடித்துக் கொன்றே விடுகிறான். ஆனால் அவர்தான் தன்னைப் பெற்ற தந்தை லாயஸ் என்று அவனுக்குத் தெரியாது. தந்தையைக் கொல்வாய் என்று டெல்ஃபி கோயிலில் குறி சொன்னார்கள். கொரிந்து அரசனையே தந்தை என்று நம்பியதால், இனி அந்த ஊர்ப்பக்கமே போகக் கூடாது என்று விலகி வந்தவன் அவன். பாவத்துக்குப் பயந்து எடுத்த வழிதான் அவனை அந்த முச்சந்தியில் கொண்டுவந்து விட்டது. ஆள் தெரியாமல் நேர்ந்த பிழை இது. குணக்கேடு என்று எப்படிச் சொல்வது?

இரக்கமும் அச்சமும் எழுந்து மனம் தெளியும் கதார்சிஸும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. தகாத துன்பத்தைக் கண்டால் இரக்கம் வரும், நம்மைப் போன்ற ஒருவன் படும் துன்பத்தைக் கண்டால் அச்சம் வரும் என்கிறார் அரிஸ்டாட்டில் (‘கவிதையியல்’, அத்தியாயம் 13). கர்வத்துக்குத் தண்டனை என்று வைத்துக்கொண்டால் ‘அவனுக்கு வேண்டியதுதான்’ என்று எழுந்து போய்விடலாம், இரக்கத்துக்கு இடமே இல்லை. நல்லவருக்கு நன்மை, கெட்டவருக்குக் கேடு என்று முடியும் கதையின் இன்பம் நகைச்சுவை நாடகத்துக்கு உரியது என்றும் அதே அத்தியாயத்தில் சொல்கிறார். ஈடிபஸின் பிறப்பு ரகசியம் தெரிந்த கிழட்டு ஆட்டிடையன், பயங்கரமானதைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேனே என்று தயங்குகிறான். நானும் அதைக் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டேன், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும் என்கிறான் ஈடிபஸ். அந்த வரியில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

அப்புறம் முடிவு. லாயஸைக் கொன்றவனை நாடுகடத்து, அல்லது கொல், தீப்ஸைப் பிடித்த கொள்ளைநோய் நீங்கும் என்பது தெய்வவாக்கு. நாடகம் முடியும்போது இரண்டில் எதுவும் நடக்கவில்லை. தன் கண்களைத் தானே குத்திக்கொண்ட ஈடிபஸ், என்னை ஊரைவிட்டுத் துரத்து என்று கெஞ்சுகிறான். தெய்வத்திடம் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்கிறான், அவனுக்குப்பின் ஆட்சிக்கு வந்த மைத்துனன் கிரேயோன். நோய் நீங்கியதாக ஒரு வரிகூடக் கிடையாது. உண்மை வெளிவந்தது, வாக்கு பலித்தது, அவ்வளவுதான். அவன் பிறக்குமுன்பே குற்றத்தை அவன் தலையில் எழுதிய ஒழுங்கு அது. அதை அறம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் பார்வையில்லாத தகப்பன் இரண்டு மகள்களையும் தடவிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இவர்களை மட்டும் என்னிடமிருந்து பிரிக்காதே என்கிறான். கிரேயோன் பிரித்து விடுகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்