பாலினாமியல் நேரம் என்றால், எதைப் பொறுத்து?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொள்ளும் ரிகர்ஷன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டங்கள் நிறைந்த ஒரு பலகையில், மேலே இடது மூலையிலிருந்து கீழே வலது மூலை வரை, வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் மட்டும் நகர்ந்து போக எத்தனை வழிகள் உண்டு என்பதுதான் கணக்கு. கட்டுரையாளர் அதை ரிகர்ஷனில் எழுதி, ஒருமுறை கண்டுபிடித்த விடையை மெமோவில் சேர்த்துவைக்கும் முறையையும் அழகாக விளக்கியிருக்கிறார். ஆனால் கடைசியில் “மெமோ போட்டுவிட்டால் இது பாலினாமியல் நேரத்தில் ஓடும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரி பாதிதான் சரி. கட்டுரையோடு அச்சான நிரலிலோ அந்தப் பாதியும் சில சமயம் பொய்த்துப்போகிறது. மாணவர்கள் இதை அப்படியே பாடம் செய்துகொள்வார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நிரலைப் பார்த்துவிடலாம்.

```python
memo = {}

def paths(r, c):
    if r < 0 or c < 0 or grid[r][c] == '#':
        return 0
    if r == 0 and c == 0:
        return 1
    if memo.get((r, c)):
        return memo[(r, c)]
    memo[(r, c)] = paths(r-1, c) + paths(r, c-1)
    return memo[(r, c)]
```

ஒரு கட்டத்துக்கு வந்து சேரும் வழிகள், அதற்கு மேலே உள்ள கட்டத்துக்கும் இடப்பக்கக் கட்டத்துக்கும் வந்து சேரும் வழிகளின் கூட்டுத்தொகை. `#` என்று குறித்த கட்டம் தடை, அதன் வழியே போக முடியாது. தடையே இல்லாத, ஒவ்வொரு திசையிலும் 20 படிகள் உள்ள பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் 21-க்கு 21, அதாவது 441 கட்டங்கள். மெமோ வரிகளை எடுத்துவிட்டு ஓட்டினால் இந்த ஃபங்ஷன் 80,000 கோடி முறைக்கு மேல் அழைக்கப்படும். மெமோவோடு ஓட்டினால் மொத்தம் 881 அழைப்புகள். தொடக்கக் கட்டத்தைத் தவிர்த்த 440 கட்டங்களும் ஆளுக்கு ஒரே ஒரு முறைதான் கணக்கிடப்படுகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு அழைப்புகளைக் கிளப்புகிறது, முதல் அழைப்போடு சேர்த்து 881. இதுவரை கட்டுரையாளர் சொன்னதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

சரி, இந்த 440 எதைப் பொறுத்து வளர்கிறது? இங்கேதான் கேள்வி ஆரம்பிக்கிறது. ஒரு நிரல் பாலினாமியல் நேரத்தில் ஓடுகிறது என்றால், அதற்குக் கொடுத்த உள்ளீட்டின் நீளத்தின் வர்க்கம், கனம் போன்ற ஒரு நிலையான அடுக்குக்குள் அதன் நேரம் அடங்குகிறது என்று அர்த்தம். உள்ளீடாக வந்த எண்ணின் மதிப்பு வேறு, அதை எழுதப் பிடிக்கும் இடம் வேறு.

தடைகள் உள்ள பலகையை வரி வரியாக எழுதிக் கொடுத்தால் பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு திசையிலும் 1000 படிகள் உள்ள பலகையில் ஏறத்தாழ 10 லட்சம் கட்டங்கள் இருக்கும். உள்ளீட்டிலும் 10 லட்சம் குறிகள் இருந்தே ஆக வேண்டும். மெமோ சரியாக வேலை செய்தால் கட்டத்துக்கு அதிகபட்சம் இரண்டு அழைப்புகள்தான். உள்ளீட்டைப் படிக்கிற வேலைக்கும் கணக்குப் போடுகிற வேலைக்கும் பெரிய இடைவெளி இல்லை. இந்த வகையில் கட்டுரையின் வாக்கியம் முழுக்க நிற்கும். (பைதானில் இந்த அளவுக்குப் போனால் ரிகர்ஷன் ஆழம் 1000 என்ற இயல்பான வரம்பைத் தாண்டி நிரல் நின்றுவிடும். அது வேறு சங்கதி, வரம்பை உயர்த்தியோ லூப்பாக மாற்றி எழுதியோ சமாளிக்கலாம்.)

ஆனால் கட்டுரை ஆரம்பித்த கேள்வி இது இல்லை. தடை எதுவும் இல்லாமல், “m படிகள் கீழே, n படிகள் வலப்பக்கம், எத்தனை வழிகள்?” என்றுதான் அது கேட்டது. அப்போது உள்ளீடு வெறும் இரண்டு எண்கள். 1000, 1000 என்று எழுத எட்டு இலக்கங்கள் போதும், வேலையோ 10 லட்சம் கட்டங்கள். இரண்டு எண்களுக்கும் ஆளுக்கு ஒரு பூஜ்யம் கூட்டி 10,000 ஆக்குங்கள். உள்ளீடு எட்டு இலக்கத்திலிருந்து பத்து இலக்கமாகிறது, வேலை 10 கோடி கட்டங்களுக்குப் போய்விடுகிறது. இன்னும் ஒரு பூஜ்யம் சேர்த்தால் 1,000 கோடி. எண்ணுக்கு ஓர் இலக்கம் கூடும்போதெல்லாம் வேலை நூறு மடங்காகிறது. உள்ளீட்டின் நீளத்தைப் பொறுத்து இது அடுக்குக்குறி வளர்ச்சி, பாலினாமியல் இல்லை. எண்ணின் மதிப்பைப் பொறுத்து பாலினாமியல், நீளத்தைப் பொறுத்து அடுக்குக்குறி என்ற இந்த நிலைக்குத்தான் சூடோ-பாலினாமியல் என்று பெயர். எடை வரம்புக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் நாப்சாக் கணக்கை, சிறு விடைகளைச் சேர்த்துவைத்துப் பெரிய விடையைக் கட்டும் டைனமிக் புரோகிராமிங்கில் போடும்போது வருவதும் இதேதான்.

“மெமோ எதற்கு, m+n-இலிருந்து n-ஐத் தேர்ந்தெடுக்கும் சூத்திரத்தைப் போட்டால் தீர்ந்ததே” என்று சிலர் சொல்லக்கூடும். சூத்திரம் நிச்சயம் வேகமானது. ஆனாலும் அது இந்தச் சிக்கலைத் தீர்க்காது, ஏனென்றால் விடையே அவ்வளவு நீளம். 1000-க்கு 1000 படிப் பலகையின் விடை 601 இலக்கங்கள் கொண்ட எண். m, n இரண்டும் சமமாக இருந்தால் விடையை இருமத்தில் எழுத ஏறத்தாழ 2n பிட்கள் வேண்டும். n-ஐ எழுதப் பிடிக்கும் இலக்கங்களோடு ஒப்பிட்டால் அதுவே அடுக்குக்குறி நீளம். எந்த வித்தை செய்தாலும் விடையை எழுதி முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகும். ஆகவே இரண்டு எண்களை மட்டும் கொடுத்து முழு விடையையும் கேட்டால், பாலினாமியல் நேரம் என்பது யாருக்குமே எட்டாதது. இதில் மெமோவைக் குறை சொல்ல முடியாது.

மெமோவின் குறை தெரிவது விடை சின்னதாக இருக்கும்போதுதான். வழிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று மட்டும் கேட்டால் விடை ஒரே பிட். எடுவார்ட் லூக்காஸ் 1878-இல் வெளியிட்ட தேற்றத்திலிருந்து இதற்கு ஒரு எளிய விதி கிடைக்கிறது. m, n இரண்டையும் இருமத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் இரண்டிலுமே 1 இருந்தால் எண்ணிக்கை இரட்டைப்படை, எந்த இடத்திலும் அப்படி இல்லாவிட்டால் ஒற்றைப்படை. 5 என்பது 101, 2 என்பது 010. எங்கும் மோதவில்லை, வழிகள் 21. 5-க்கு 4 என்று எடுத்தால் 101, 100. இடக்கோடியில் மோதுகிறது, வழிகள் 126. இலக்கங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு போனாலே விடை வந்துவிடுகிறது, இதுதான் உள்ளீட்டு நீளத்தைப் பொறுத்த பாலினாமியல் நேரம். நம் மெமோ ஃபங்ஷனில் கூட்டலையெல்லாம் 2-ஆல் வகுத்த மீதியாக மாற்றினாலும், அது அத்தனை கட்டங்களையும் மிதித்துத்தான் ஆகும்.

கூட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டத்துக்கு ஒரு கூட்டல் என்று எண்ணும்போது, ஒரு கூட்டலுக்கு ஒரு படி நேரம் என்று நாம் பேசாமல் எடுத்துக்கொள்கிறோம். 64 பிட் குறியுள்ள முழு எண்ணில் 33-க்கு 33 படிப் பலகையின் விடை வரை அடங்கும். 34-க்கு 34 போனால் அடங்காது. பைதான் போல எண்ணைத் தானாக நீட்டும் மொழியில் விடை சரியாக வரும், ஆனால் கூட்டல் எண்ணின் நீளத்துக்கேற்ப நேரம் எடுக்கும். எந்தக் கட்டத்தின் எண்ணும் m+n பிட்டுகளைத் தாண்டாது என்பதால் மொத்த வேலை கட்டங்களின் எண்ணிக்கையை m+n-ஆல் பெருக்கிய அளவுக்குள் அடங்கிவிடும். பலகை முழுவதையும் எழுதிக் கொடுத்த நிலையில் இதனால் பாலினாமியல் என்பது கெடவில்லை.

இனி நிரலில் உள்ள கோளாறுக்கு வருகிறேன். `if memo.get((r, c)):` என்ற வரியைப் பாருங்கள். மெமோவில் விடை இருக்கிறதா என்று கேட்பதுதான் இதன் நோக்கம். ஆனால் சேர்த்துவைத்த விடை 0 என்றால் பைதானில் அது பொய் என்று எடுத்துக்கொள்ளப்படும். அதாவது ஒரு கட்டத்துக்கு வழியே இல்லை என்று பாடுபட்டுக் கண்டுபிடித்து எழுதிவைத்த பிறகும், அடுத்த முறை வரும்போது அது கண்ணில் படாமல் எல்லாம் முதலிலிருந்து நடக்கும். தடை இல்லாத பலகையில் எந்தக் கட்டத்தின் விடையும் 0 ஆகாது, அதனால் குறை வெளியே தெரிவதில்லை. மேலே நாம் எண்ணிய 881 அப்படி வந்ததுதான்.

அதே 20 படிப் பலகையில் தொடக்கக் கட்டத்துக்கு வலப்பக்கத்திலும் கீழேயும் இருக்கும் இரண்டு கட்டங்களை மட்டும் `#` ஆக்குங்கள். இப்போது தொடக்கத்திலிருந்து எங்கும் போக முடியாது, மற்ற எல்லாக் கட்டங்களின் விடையும் 0. மெமோ ஒருமுறைகூடப் பயன்படாது. மெமோ சரியாக இருந்தால் இந்தப் பலகைக்கு 877 அழைப்புகள் போதும். அச்சான நிரலோ 52,000 கோடிக்கு மேல் அழைப்புகள் செய்யும். என்றாவது ஒருநாள் முடிந்தால் 0 என்ற சரியான விடையையே தரும். அதனால்தான் இது மோசமான பிழை. சின்னப் பலகைகளில் விடையை மட்டும் சரிபார்க்கும் எந்தச் சோதனையிலும் இது அகப்படாது.

அகப்பட வைக்க ஒரு எண்ணி போதும். ஃபங்ஷனின் முதல் வரியில் அழைப்புகளை எண்ணச் சொல்லி, இதே இரண்டு தடைகளோடு 10 படிப் பலகையையும் 11 படிப் பலகையையும் ஓட்டிப் பாருங்கள். மெமோ சரியாக இருந்தால் 237, அப்புறம் 283 என்று வரும். அச்சான நிரலில் 6,71,839, அப்புறம் 25,86,583. ஒரு படி கூட்டியதற்கு நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறுகிறது. திருத்தம் ஒரே வரிதான்:

```python
    if (r, c) in memo:
```

விடை என்னவாக இருந்தாலும், அந்தக் கட்டத்துக்கு ஒரு பதிவு இருக்கிறதா என்று மட்டும் இது கேட்கும். அடுத்த இதழில் இந்த வரித் திருத்தத்தையும், “பலகையையே உள்ளீடாகக் கொடுத்தால் பாலினாமியல் நேரம், m, n என்ற எண்களை மட்டும் கொடுத்தால் சூடோ-பாலினாமியல் நேரம்” என்ற திருத்திய வாக்கியத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அல்காரிதம் பாடம் நடத்தும் ஒரு வாசகர்