பில்லில் நீங்கள் அச்சிட்ட ஐடிக்குப் போன பணமும், அதை மறுபடி கேட்டு வந்த செய்தியும்: புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், மஞ்சக்குப்பம், கடலூர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, புதுச்சேரி

நாள்: 12.11.2025

பொருள்: குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ரூ.4,956 குறித்து

ஐயா,

என் வீட்டு இயந்திரத்துக்கான பராமரிப்பு பில் 3.11.2025 திங்கட்கிழமை உங்களிடமிருந்து வாட்ஸப்பில் வந்தது. கட்டணம் 4,200, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 756, ஆக மொத்தம் 4,956 ரூபாய். பில்லின் அடியில் ஒரு யூபிஐ ஐடி அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துத் தட்டினேன். பணம் அனுப்புவதற்கு முன் திரையில் உங்கள் நிறுவனத்தின் பெயர் வராமல் ஒரு தனிநபரின் பெயர் வந்தது. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஃபில்டர் மாற்ற வந்த உங்கள் பையன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கேட்டேன். "அவர்தான் சார் எங்க கிளை இன்சார்ஜ், எல்லாரும் அவருக்குத்தான் போடுவாங்க" என்றார். போட்டேன். ரசீதின் படத்தையும் அந்தப் பையனுக்கே அனுப்பினேன். "ஓகே சார்" என்று பதில் வந்தது.

நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை இரவு 7.10 மணிக்கு, இதுவரை பார்த்திராத ஒரு எண்ணிலிருந்து வந்த செய்தி இது:

"அன்பான வாடிக்கையாளரே, உங்கள் பேமென்ட் தவறான யூபிஐ ஐடிக்குச் சென்றுள்ளது. உடனடியாக ரூ.4,956 கீழ்க்கண்ட புதிய ஐடிக்கு மீண்டும் அனுப்பி ஸ்கிரீன்ஷாட் பகிரவும். 24 மணி நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் ஒப்பந்தம் ரத்து செய்யப்படும்."

இதை முதலில் நான் நம்பவே இல்லை. தெரியாத எண், புதிய ஐடி, அவசரம், மிரட்டல். பண மோசடிச் செய்தி எப்படி இருக்கும் என்று வங்கிக்காரர்கள் சொல்லித் தருகிறார்களோ, அப்படியே இருந்தது. சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் புகார் செய்யலாமா என்று கூட யோசித்தேன். அப்புறம் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்குப் பேசினேன். மூன்றாவது முயற்சியில் எடுத்த பெண், செய்தி உங்களுடையதுதான் என்றார். பணம் எங்கே என்று கேட்டதற்கு, "அது பழைய ஐடி சார், அவர் இப்ப வேலையில இல்ல, அந்தப் பணம் எங்க கணக்குல வராது" என்றார். ஆக, பில்லில் இருந்தது உங்கள் முன்னாள் கிளைப் பொறுப்பாளரின் சொந்த சேமிப்புக் கணக்கு. அவர் போன பிறகும் பில்லின் அச்சு வடிவத்தை யாரும் மாற்றவில்லை.

எங்கள் தெருவில் உங்கள் இயந்திரம் மூன்று வீடுகளில் இருக்கிறது. இதே செய்தி மற்ற இரண்டு வீடுகளுக்கும் வந்திருக்கிறது. எதிர்வீட்டு அக்கா பயந்துபோய் அன்று இரவே இரண்டாம் முறையும் பணம் அனுப்பிவிட்டார். அவருடைய முதல் பணம் இன்னும் திரும்பவில்லை. மூலைவீட்டுத் தம்பி இது மோசடி என்று முடிவு கட்டி அந்த எண்ணையே பிளாக் செய்துவிட்டார். இனி நீங்கள் என்ன அனுப்பினாலும் அவருக்குப் போய்ச் சேராது. நம்பியவருக்கு இரட்டைச் செலவு, நம்பாதவரிடமிருந்து உங்களுக்கு ஒரு காசும் வராது. ஒரே செய்தி செய்த வேலை இது.

அடுத்த நாள் இரண்டாம் சனி, அதற்கடுத்து ஞாயிறு. நீங்கள் கொடுத்த 24 மணி நேரத்தில் எந்த வங்கியும் திறந்திருக்கவில்லை. திங்கட்கிழமை என் வங்கிக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்டதை உங்கள் கணக்குப் பிரிவும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

யூபிஐயில் பணம் கைமாறிப் போவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, என் கணக்கில் கழிந்துவிட்டது, எதிர்த்தரப்புக் கணக்கில் வரவாகவில்லை. இது வழியில் சிக்கிய பணம். ஒருவருக்கு ஒருவர் அனுப்பும் பரிமாற்றத்தில் இப்படி ஆனால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இலேயே விதி போட்டிருக்கிறது. இரண்டாவது வகை, பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் சேர்ந்த இடம் வேறு. என்னுடையது இந்த இரண்டாவது வகை. வங்கியின் பார்வையில் இது வெற்றிகரமாக முடிந்த பரிமாற்றம். என் வங்கி எதிர் வங்கிக்கு எழுதிக் கேட்கலாம், எதிர் வங்கி அந்தக் கணக்குக்காரரைக் கேட்கலாம். அவர் சரி என்றால்தான் பணம் வரும். மாட்டேன் என்றால் வங்கி அவர் கணக்கிலிருந்து தானாக எடுத்துத் தராது.

அதாவது, அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது என்னைவிட உங்களுக்குத்தான் சுலபம். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் சம்பளம் வாங்கியவர், முகவரியும் பாக்கிக் கணக்கும் உங்களிடம் இருக்கும். நீங்களோ "தவறான யூபிஐ ஐடிக்குச் சென்றுள்ளது" என்ற நான்கு சொல்லில் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டீர்கள். சென்றது என்று எழுதினால் பணம் தானாகவே எழுந்து நடந்து போன மாதிரி இருக்கிறது. ஐடியை அச்சிட்டது யார் என்பதே அந்த வாக்கியத்தில் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 50-வது பிரிவு, பெற வேண்டியவர் எந்த முறையில் செலுத்தச் சொல்கிறாரோ அந்த முறையில் செலுத்தினால் கடமை நிறைவேறியதாகக் கொள்கிறது. அதற்குச் சட்டமே தரும் முதல் எடுத்துக்காட்டில், கடன்பட்டவர், கடன் கொடுத்தவர் சொன்ன வங்கியில் பணத்தை வரவு வைத்துவிடுகிறார். பிறகு அந்த வங்கியே நொடித்துப் போகிறது. இருந்தாலும் கடன் தீர்ந்தது தீர்ந்ததுதான். உங்கள் பில்லில் உள்ள ஐடிக்கு அனுப்பிய நான் அந்தக் கடன்பட்டவர் இடத்தில் நிற்கிறேன். நானாகவே ஒரு எழுத்தைத் தப்பாக அடித்து யாரோ ஒருவருக்கு அனுப்பியிருந்தால் கதை வேறு, அப்போது பாடு என்னுடையது. உங்கள் செய்தி இந்த இரண்டு நிலைமைக்கும் ஒரே சட்டையைத் தைத்துப் போட்டிருக்கிறது.

நான் 31 ஆண்டு ஓர் அலுவலகத்தில் வரைவு எழுதிப் பிழைத்தவன். மோசமான கடிதத்தைப் பார்த்தால் சிவப்பு மையைத் தேடும் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. நீங்கள் அனுப்பியிருக்க வேண்டியது இது:

"வணக்கம் ஐயா. 3.11.2025 அன்று நீங்கள் அனுப்பிய ரூ.4,956, எங்கள் பில்லில் இருந்த பழைய யூபிஐ ஐடிக்குப் போயிருக்கிறது. அந்த ஐடி எங்கள் முன்னாள் பணியாளர் ஒருவருடையது. பில்லை மாற்றாமல் விட்டது எங்கள் தவறு. உங்கள் ஒப்பந்தம் அன்றிலிருந்தே நடப்பில் இருக்கிறது. பணத்தை உங்கள் கணக்குக்கே திருப்பி அனுப்ப அவரிடம் பேசியிருக்கிறோம். 20.11.2025-க்குள் வராவிட்டால் நாங்களே தருகிறோம். பணம் கைக்கு வந்ததைப் பார்த்த பிறகு மட்டும், திருத்தி அனுப்பும் புது பில்லில் உள்ள கியூஆரில் செலுத்துங்கள். செலுத்தும்போது திரையில் எங்கள் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். இந்தச் செய்தி எங்களுடையதுதானா என்று சந்தேகம் இருந்தால், இயந்திரத்தில் ஒட்டியுள்ள எண்ணுக்குப் பேசி உறுதி செய்துகொள்ளலாம்."

ஏன் இப்படி எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இதில் புதிய ஐடியே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தெரியாத எண்ணிலிருந்து ஐடி மாறிவிட்டது என்று சொல்லி, அந்தச் செய்தியிலேயே மாற்று ஐடியையும் தருவது திருடர்கள் வழக்கமாகச் செய்வது. செய்தி ஒரு வழியில் வரட்டும், செலுத்தும் விவரம் வாடிக்கையாளர் சரிபார்க்கக்கூடிய இன்னொரு வழியில் வரட்டும். பேச வேண்டிய எண்ணையும் அதனால்தான் செய்தியில் போடவில்லை, அவர் வீட்டில் ஏற்கெனவே ஒட்டியிருப்பதைப் பார்க்கச் சொன்னேன். பெயரைப் பற்றிய வரிக்கும் காரணம் உண்டு. 2025 ஜூன் இறுதிக்குள், பணம் அனுப்புமுன் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே எல்லா யூபிஐ செயலிகளும் காட்ட வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ சொல்லியிருந்தது. அந்தப் பெயரைத்தான் நான் பார்த்தேன். உங்கள் பையன் பேச்சைக் கேட்டுத் தாண்டிப் போனேன். ஸ்கிரீன்ஷாட் கேட்பதையும் விட்டுவிடுங்கள். அதைப் போலியாகத் தயாரிப்பது ஐந்து நிமிட வேலை. பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் கேட்டு, உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தோடு ஒத்துப்பாருங்கள், அது போதும்.

வாடிக்கையாளரே தப்பாக அடித்துவிட்ட நிலைமைக்குத் தனியாக ஒரு சிறு செய்தி வைத்துக்கொள்ளுங்கள்: "நீங்கள் அனுப்பியதாகச் சொல்லும் தொகை எங்கள் கணக்கில் வரவாகவில்லை. பணம் போன ஐடியை எங்கள் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் உங்கள் செயலியிலும் வங்கியிலும் இன்றே புகார் பதியுங்கள், எங்களால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. பில் கட்ட 15 நாள் தவணை தருகிறோம்." இதிலும் மிரட்டல் தேவைப்படவில்லை, பாருங்கள்.

இப்போது நான் கேட்பது: என் 4,956 ரூபாய் என் கணக்குக்குத் திரும்ப வேண்டும், அல்லது அதையே கட்டணமாக ஏற்று ரசீது தர வேண்டும். இரண்டாம் முறை என் கையிலிருந்து பணம் வராது. எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு தொகையை உடனே திருப்ப வேண்டும். அந்தப் பழைய ஐடி அச்சான பில் எத்தனை வீடுகளுக்குப் போனதோ, அத்தனை வீடுகளுக்கும் திருத்தம் அனுப்ப வேண்டும்.

27.11.2025 வரை பொறுத்திருப்பேன். அதற்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். அலுவலகம் புதுச்சேரியில் இருக்கிறது, அங்கே வந்துதான் வழக்குப் போட வேண்டும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். எனக்கு அது நடந்து போகும் தூரம்.

இணைப்பு: பில் நகல், பரிமாற்ற விவர நகல், 7.11.2025 செய்தியின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
மஞ்சக்குப்பம், கடலூர்

பி.கு: ஃபில்டர் மாற்ற வந்த பையன் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். அவருக்கும் யாரும் ஐடி மாறியதைச் சொல்லவில்லை.