655.36 கிலோ இலை எங்கே போச்சு?

எங்கள் தேயிலைத் தொழிற்சாலை நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாத இலைக் கணக்கைப் பற்றித் தங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இலை எடை போடும் மெஷின் அடித்த சீட்டில் மாத மொத்தம் குறைகிறது என்று ஆபீஸ் வாசலில் வந்து நின்றவர்களிடம் "மெஷின் பொய் சொல்லாது" என்று சொல்லி அனுப்பினீர்கள்.

அப்பா தினச் சீட்டுகளை ஆணியில் குத்தி வைப்பவர். 24ஆம் தேதி வரை மொத்தம் 641.20 கிலோ. மறுநாள் 38.50 கிலோ போட்டார். அன்றைய எடை சீட்டில் சரியாகவே இருக்கிறது. மொத்தம் மட்டும் 24.34! மாதக் கடைசியில் 698.40 இருக்க வேண்டிய இடத்தில் 43.04. பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குறைந்திருப்பதும் அதே 655.36 கிலோதான். திருட்டு என்றால் ஆளுக்கொரு அளவாக அல்லவா குறையும்?

நான் கோவையில் இதுபோன்ற கருவிகளுக்கு நிரல் எழுதிப் பிழைப்பவன். உங்கள் நிரலைப் பார்க்கவில்லை. அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. எடையைப் பத்துப் பத்து கிராமாக எண்ணி, மொத்தத்தை 16 பிட் இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் 0 முதல் 65,535 வரைதான் அடங்கும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால், பழைய பஸ்ஸின் கிலோமீட்டர் மீட்டர் 99999 தாண்டி 00000 ஆவதுபோல, மறுபடி பூஜ்யம். 67,970 வர வேண்டியதில் 65,536 கழிந்து 2,434 நிற்கிறது. அதுதான் சீட்டில் உள்ள 24.34. மெஷின் எந்த எச்சரிக்கையும் தராது. அதன் கணக்கில் தப்பே நடக்கவில்லை. உறைபனியில் இலை கருகிய மாதங்களில் எங்களில் யாரும் 655 கிலோவைத் தொடாததால் இது வெளியே தெரியவில்லை.

ஆகவே தினச் சீட்டுகளைக் கூட்டி, மீதிப் பணத்தைக் கொடுங்கள். எல்லோருக்கும் 655.36 சேர்த்துவிட்டால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1,400 கிலோ போட்டவருக்கு மீட்டர் இரண்டு முறை சுற்றியிருக்கும். அவர் சீட்டில் 89.28தான் இருக்கும். எத்தனை சுற்று என்பதை மொத்தத்தை வைத்துச் சொல்லவே முடியாது. தினச் சீட்டுதான் சாட்சி.

ஆச்சரியம் என்னவென்றால், ஈர இலைக்கான கழிவும் உரக்கடன் தவணையும் ஒரு மாதமும் சுற்றி பூஜ்யத்துக்கு வந்ததில்லை. 43 கிலோவுக்கான பணத்திலும் தவணையை முழுசாகப் பிடித்துக்கொண்டீர்கள். இலை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது, விடுங்கள்.

கருவி கொடுத்தவர்களிடம் மொத்தத்தை 16 பிட் `uint16_t`-இலிருந்து 32 பிட் `uint32_t`-க்கு மாற்றச் சொல்லுங்கள். நான்கு கோடி கிலோவுக்கு மேல் தாங்கும். திரையில் இலக்கத்தைக் கூட்டினால் போதாது. சேமிக்கும் இடமும் கூட்டும் இடமும் மாற வேண்டும். புது மொத்தம் பழையதைவிடக் குறைந்தால் சீட்டு அடிக்காமல் நிற்கவும் சொல்லுங்கள்.

அதற்கு நாளாகலாம், காத்திருக்கிறோம். தினச் சீட்டைக் கூட்ட ஒரு கால்குலேட்டர் போதும். அடுத்த பட்டுவாடாவுக்குள் அதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் சீட்டுக்கட்டை ஆணியோடு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் மகன்