போனுக்குப் பதில் என்ன?

ஆசிரியருக்கு,

இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. சரி, மாலையில் நான் தோசை ஊற்றும் அரை மணி நேரம் மூன்று வயது மகளை யார் பார்ப்பது? அதற்குத்தானே போன்! கதைப் புத்தகம் கொடுத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். என் கை சும்மா இல்லையே. அப்புறம் ஒரு உருண்டை சப்பாத்தி மாவையும் குட்டிப் பலகையையும் கொடுத்து, அடுப்புக்கு எட்டாமல், கண்ணெதிரே உட்கார வைத்தேன். மூன்று நாள் அழுகை. நான்காம் நாள் அவளே "மாவு" என்றாள். போன் செய்த வேலையை அதே வேளையில் செய்கிற மாற்றுதான் நிற்கிறது. மருத்துவர்கள் எத்தனை நிமிடம் என்பதோடு, எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள் என்றும் கேட்கலாம்.

- ஒரு தாய், சேலம்