‘மக்கும்’ என்று அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பைகள், உறைகள், பொட்டலங்கள் ஆகியவற்றின் லேபிளில் என்ன எழுதுவது என்று முடிவு செய்யும் நிறுவனப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் பையின் மேல் ஒரு பச்சை இலையும், அதனடியில் ‘100% மக்கும், இயற்கைக்கு உகந்தது’ என்ற வரியும் இருக்கின்றன. பொதிப்பொருள்களின் சோதனை அறிக்கைகளைப் படிப்பதே வேலையாக உள்ளவர்கள் நாங்கள். அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் உங்களிடம் பேச விரும்புகிறோம்.

தமிழில் ‘மக்கும்’ என்பது தாராளமான சொல். மரத்தடியில் விழுந்த இலைக்கும் அதுதான், உங்கள் பைக்கும் அதுதான். அந்த இலையை நினைத்தே மக்கள் உங்கள் பையை வாங்குகிறார்கள். சோதனைக்கூடத்திலோ அச்சொல்லோடு மூன்று கேள்விகள் சேர்ந்தே வரும்: எங்கே, எந்த வெப்பநிலையில், எத்தனை நாளில்? மூன்றுக்கும் விடை இல்லாத ‘மக்கும்’ பொய்யென்று நிரூபிக்க முடியாதது. ஆகவே மெய்யென்றும் நிரூபிக்க முடியாதது.

உரமாக மக்கும் பொதிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 13432. அது கேட்பது என்னவென்று பாருங்கள். பத்து கிராம் எடையுள்ள ஒரு பையில் பாதி கார்பன் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 கிராம் கார்பனும் நுண்ணுயிர்களுக்கு உணவாகி முழுதும் கரியமில வாயுவாக வெளியேறினால், வாயுவின் எடை சுமார் 18.3 கிராம். பொதியின் துண்டுகளை முதிர்ந்த உரத்தோடு கலந்து, 58 பாகை செல்சியசில் மூடிய கலத்தில் வைத்து, வெளிவரும் வாயுவை அளக்கிறார்கள். உரமே வாயு விடும் என்பதால், பொதி சேர்க்காத இன்னொரு கலத்தின் அளவைக் கழித்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு, அதாவது நம் கணக்கில் 16.5 கிராம், வந்தாக வேண்டும்.

அதோடு முடியவில்லை. பன்னிரண்டு வாரம் உரமாக்கிய பின் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், பொதியின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சல்லடையில் தங்கக் கூடாது. கன உலோகங்களுக்கு உச்சவரம்பு உண்டு. இறுதியாக, கிடைத்த உரத்தில் விதை போட்டுப் பார்க்க வேண்டும். பொதி கலக்காத உரத்தில் முளைத்து வளர்வதில் குறைந்தது 90 விழுக்காடாவது இங்கேயும் முளைத்து வளர வேண்டும்.

சல்லடைச் சோதனை மட்டும் தேறிய பொருள் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வாயுக் கணக்கும் தேறினால்தான் அது மக்கியிருக்கிறது. சூழலுக்கு நல்லதுபோல் காட்டிக்கொள்ளும் பச்சைப்பூச்சு பெரும்பாலும் இந்த வேறுபாட்டை மறைப்பதில்தான் நடக்கிறது. சாதாரண பாலிஎத்திலீனில் உலோக உப்புகளைச் சேர்த்துச் செய்யும் ‘ஆக்சோ’ வகைப் பைகள் வெயிலிலும் காற்றிலும் நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். நெகிழி மறையவில்லை, பொடியாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய சட்டத்தின் வழியே, 2021 ஜூலை முதல் இவ்வகைப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவரத் தடை விதித்ததன் காரணம் இதுவே. உங்கள் சப்ளையர் தரும் அறிக்கையில் ‘எடை இழப்பு’, ‘இழுவிசை குறைவு’ என்ற அளவுகள் மட்டும் இருந்து, கார்பனில் எத்தனை விழுக்காடு வாயுவாக மாறியது என்ற கணக்கு இல்லாவிட்டால், அது உதிர்தலுக்கான சான்று. அதை வைத்து ‘மக்கும்’ என்று அச்சிடாதீர்கள்.

இன்னொரு வழுக்கல் ‘ஏஎஸ்டிஎம் டி5511-இன்படி சோதிக்கப்பட்டது’ என்ற வரி. அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் டி5511 என்பது காற்றில்லாச் சூழலில் சிதைவை அளக்கும் முறை மட்டுமே. அதில் தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. இரண்டு விழுக்காடு சிதைந்த பொருளும் அதன்படி ‘சோதிக்கப்பட்டது’தான். தேர்ச்சிக்கு வரம்பு வைத்திருப்பது ஏஎஸ்டிஎம் டி6400. எண்ணைப் பார்த்தவுடன் நம்பிவிடும் வாசகர் இந்த வித்தியாசத்தை அறிய வழியில்லை, நீங்கள் அறிவீர்கள்.

சான்று உண்மையாகவே இருந்தாலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அது எதற்குக் கொடுக்கப்பட்டது? பல நேரங்களில் சான்று மூலப்பொருளான நெகிழிப் பிசினுக்கு இருக்கும். கடைக்கு வரும் பையிலோ மை, பசை, ஜிப், மேற்பூச்சு எல்லாம் சேர்ந்திருக்கும். தடிமனும் முக்கியம்: 40 மைக்ரான் படலத்துக்குப் பெற்ற தேர்ச்சி 80 மைக்ரான் பைக்குச் செல்லாது. தடித்த படலம் அதே பன்னிரண்டு வாரத்தில் சல்லடையைத் தாண்டும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

58 பாகை என்ற அளவுக்கும் காரணம் உண்டு. தொழில்முறை உரக்கூடத்தின் குவியல் அந்தச் சூட்டை எட்டும். மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் செய்யப்படும் பிஎல்ஏ நெகிழி ஏறத்தாழ 55 முதல் 60 பாகையில்தான் இளகும். அதற்குப் பிறகே நீர் அதன் சங்கிலிகளை வேகமாக வெட்டத் தொடங்கும். வீட்டுத் தோட்டத்துக் குவியலிலும் கடல்நீரிலும் அந்தச் சூடு இல்லாததால், அங்கே அது நெடுங்காலம் அப்படியே கிடக்கும். வீட்டு உரக்குழிக்கென்று தனிச் சான்றுகள் இருக்கின்றன. அவை 20 முதல் 30 பாகையில், ஓராண்டுக்குள் 90 விழுக்காடு கேட்கின்றன. தொழிற்கூடச் சான்றை வைத்துக்கொண்டு வீட்டுத் தோட்டப் படம் போடுவது தவறு. ‘தாவரத்திலிருந்து செய்தது’ என்ற வரியும் மக்குவதைப் பற்றி எதுவும் சொல்லாது. கரும்பிலிருந்து எடுத்த பாலிஎத்திலீன் வேதியியலில் பெட்ரோலியப் பாலிஎத்திலீனேதான். அது மக்காது.

அடுத்தது ‘இயற்கைக்கு உகந்தது’. நிறுவனங்கள் தாமே சொல்லிக்கொள்ளும் சுற்றுச்சூழல் கூற்றுகளுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 14021 இத்தகைய பொத்தாம்பொதுவான சொற்களை நேரடியாகவே விலக்குகிறது. நிறுவன ரகசியத்தைத் திறந்தால்தான் சரிபார்க்க முடியும் என்ற கூற்று சரிபார்க்கத் தக்கதே அல்ல என்றும் அது சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 எண் ஆணை, 2026 செப்டம்பர் 27 முதல், ஏற்கப்பட்ட சிறந்த செயல்திறனைக் காட்ட முடியாத பொதுக் கூற்றுகளுக்கும், சான்றளிப்புத் திட்டமோ அரசு அமைப்போ பின்னால் இல்லாத நிலைத்தன்மை முத்திரைகளுக்கும் தடை விதிக்கிறது. நீங்களே வரைந்த பச்சை இலை இரண்டாம் வகையில் விழும்.

நம்பத்தக்க சூழல் முத்திரை வேறு மாதிரி வேலை செய்கிறது. ஜெர்மனியின் நீலத் தேவதை (1978), நார்டிக் அன்னம் (1989), ஐரோப்பிய ஒன்றியத்தின் மலர் (1992) ஆகியவை ஐஎஸ்ஓ 14024 சொல்லும் முதல் வகையைச் சேர்ந்தவை. ஒரு பொருள் வகையின் மூலப்பொருள், தயாரிப்பு, பயன்பாடு, கழிவு என முழு ஆயுளையும் பார்த்துப் பல அளவுகோல்களை வைப்பார்கள். அவற்றைப் பொதுவில் வெளியிடுவார்கள், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இறுக்குவார்கள். விண்ணப்பிப்பவர் அல்லாத மூன்றாம் தரப்பு சரிபார்க்கும். மக்கும் பொதிக்கான நாற்று முத்திரை இதிலிருந்து மாறுபட்டது: அது நேர்மையானதே, ஆனால் மக்குதல் என்ற ஒரு பண்புக்கு மட்டுமே சான்று. அந்தப் பையைச் செய்ய எவ்வளவு நீரும் மின்சாரமும் செலவாயின என்பதை அது அளக்கவில்லை. அதை முழுப் பையின் நற்சான்றாகக் காட்டாதீர்கள்.

எங்கள் கோரிக்கை சிறியது. இலையையும் ‘இயற்கைக்கு உகந்தது’ என்பதையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி அச்சிடுங்கள்: “இந்தப் பை, மையும் ஜிப்பும் உட்பட, தொழில்முறை உரக்கூடத்தில் மக்கும் (ஈஎன் 13432). வீட்டு உரக்குழிக்கு ஏற்றதல்ல.” கீழே சான்றளித்த அமைப்பின் பெயரையும், அதன் தளத்தில் தேடினால் உங்கள் நிறுவனத்தின் பெயரோடு வரும் சான்று எண்ணையும் போடுங்கள். பை விற்கும் ஊரில் அப்படி ஓர் உரக்கூடம் இத்தகைய பைகளை ஏற்கிறதா என்று அச்சடிக்கும் முன் கேட்டுப் பாருங்கள். ஏற்கவில்லையென்றால், அங்கே விற்கும் பையில் ‘மக்கும்’ என்ற சொல் வேண்டாம்.

இப்படிக்கு,
பொதிப்பொருள் சோதனைத் துறையில் பணிபுரிவோர்