அடுப்புப் படத்துக்கு மறுபடியும் ஒரு பதில்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாசல் வரை நடந்து வருகிறாள். உன் புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

நீ அனுப்பிய படத்துக்கு நான் எழுதிய பதில் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இது என்னன்னு விவரமா சொல்லு" என்றாய். "கறுப்புக் கண்ணாடி போட்ட இண்டக்‌ஷன் அடுப்பு, பளபளன்னு அழகா இருக்கு" என்று எழுதினேன். "சரி, ஆன் பண்ற இடம் எங்கே?" என்று கேட்டாய். கண்ணால் பார்க்க முடியாத உனக்கு, விரலுக்கு உதவுகிற ஒரு வார்த்தைகூட நான் சொன்னதில் இல்லை. அதனால் படத்தை மறுபடி பார்த்து எழுதுகிறேன்.

முதலில் மின்வயர். அது அடுப்பின் பின்னாலிருந்து வந்து, வலது பக்கமாக மேடையின் முன்விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்குகிறது. உன் இடுப்போ கையோ பட்டால் அடுப்பே இழுபடும். இன்றைக்கே பின்பக்கமாகத் தள்ளிவிடு.

அடுப்பு ஒற்றைப் பாத்திரம் வைக்கிற வகை. பாத்திரம் வைக்கிற வட்டம் நடுவில் கண்ணாடியின்மேல் அச்சிட்டிருக்கிறது. மேடாக இருக்கிற மாதிரி தெரியவில்லை, எனவே விரலுக்கு அது பிடிபடாது என்று நினைக்கிறேன். பித்தான்கள் எல்லாம் உன் பக்கம், முன்விளிம்பை ஒட்டி ஒரே வரிசையில் ஏழு. எண்கள் தெரியும் சின்னச் சன்னல் அந்த வரிசைக்கு மேலே, நடுவில்.

இடமிருந்து வலமாகச் சொல்கிறேன். முதலாவது இட்லி. இரண்டாவது பால். மூன்றாவதில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து எழுத்து மறைந்துவிட்டது. நான்காவது பிரஷர் குக்கர். ஐந்தாவது குறைக்க, ஆறாவது கூட்ட. வலது ஓரத்தில் ஏழாவதுதான் ஆன்/ஆஃப். அதன் மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. அப்படியானால் படம் எடுக்கும்போது சுவர் சுவிட்ச் போட்டிருந்தாய். மூன்றாவது என்ன என்று ஊகித்து உனக்குச் சொல்ல மாட்டேன். தப்பாகச் சொன்னால் அதை நம்பித்தான் நீ அழுத்துவாய்.

நீ பக்கத்தில் வைத்த ஏடிஎம் அட்டை எனக்கு அளவுகோலாக உதவியது. அதன் நீளம் சுமார் 8.5 செ.மீ. முதல் பித்தானிலிருந்து கடைசிப் பித்தான் வரை கிட்டத்தட்ட இரண்டு அட்டை நீளம். ஆகவே ஒரு பித்தானின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 3 செ.மீ., ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் உன் அட்டை எண் படத்தில் முழுதாகத் தெரிகிறது. என் போனிலிருந்து அழித்துவிட்டேன், நீயும் அழித்துவிடு. அடுத்த முறை தீப்பெட்டி வை, போதும்.

பித்தான் மேடாக இருக்கிறதா, தட்டையாகத் தொட்டாலே வேலை செய்கிறதா என்பது மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. விரலால் தடவிப் பார். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தடவு. தொடுவகையாக இருந்தால் தேடுகிற விரலே எதையாவது அழுத்திவிடும். அப்படி இருந்தால், நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு சொட்டு என்று மேடாக்கு. பித்தானுக்கு நேர் மேலே வேண்டாம், தொடுவதைத் தடுக்கலாம். கீழே, முன்விளிம்புப் பக்கம் வை. ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றுக்கு மட்டும் போதும். எல்லாவற்றுக்கும் வைத்தால் விரலுக்கு எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும்.

இன்னொன்று. சமைத்து முடித்த பிறகும் பாத்திரத்தின் சூடு கண்ணாடியில் தங்கும். சில அடுப்புகளில் அதற்கான எச்சரிக்கை அந்தச் சன்னலில் மட்டும்தான் தெரியும், ஒலி வராது. எனவே பாத்திரத்தை இறக்கியதும் வட்டத்தின் பக்கம் கையைக் கொண்டுபோகாதே. துடைப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள். சமைத்த உடனே சுவர் சுவிட்சையும் அணைக்காதே. உள்ளே இருக்கிற விசிறி இரைச்சல் நின்ற பிறகு அணை.

மூன்றாவது பித்தானுக்கு இன்னொரு படம் வேண்டும். அடுப்பு ஆறியிருக்கும்போது, சமையலறை டியூப்லைட்டை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் எடு. போனைப் பித்தான் வரிசையின் நடுவில் படுக்கவைத்து, சாய்க்காமல் ஒன்றரை அடி நேரே மேலே தூக்கி எடு. அப்போது வரிசை முழுதும் விழும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடியோ காலில் வா. நீ ஒவ்வொரு பித்தானாக அழுத்து, சன்னலில் என்ன எண் வருகிறது என்று நான் சொல்கிறேன். "கூட்ட" எத்தனை தடவை அழுத்தினால் பால் பொங்கும் என்பதை எண்ணி வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் பால் வாங்கி வை.

அன்புடன்,
ரவி