ராமு சித்தப்பாவுக்கு விழுந்த லாட்டரி

அன்புள்ள செல்வம்,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் சுகம். ராமு சித்தப்பாதான் ஒரு லட்சத்துக்கு மேல் ஏமாந்துவிட்டார்.

லண்டன் லாட்டரியில் ஐந்து லட்சம் பவுண்ட் விழுந்திருப்பதாக அவருக்கு ஒரு மெயில். சீட்டே வாங்காதவருக்கு எப்படி விழும் என்று கேட்பாய். சீட்டுகளை அல்ல, மெயில் முகவரிகளைத்தான் குலுக்கினோம் என்று அதிலேயே எழுதியிருந்தது. முதலில் பணமே கேட்கவில்லை. பெயர், வயது, முகவரி, போன் நம்பர், அவ்வளவுதான். அனுப்பினார். அப்புறம் ஃபைல் சார்ஜ் என்று 8,500 ரூபாய். அதைக் கட்டியதும் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட போலிக் கடிதம், வரி 32,000. பிறகு, இது பயங்கரவாதப் பணம் இல்லை என்று சான்றிதழ் வாங்க 75,000.

பரிசிலிருந்தே கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். தொகை இன்ஷூரன்ஸில் இருப்பதால் அதில் கைவைக்க முடியாது என்று பதில். கைக்கு வரும்வரை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்றும் கட்டளை. ரசீதுகளைப் பார்த்தேன். மூன்று தடவையும் பணம் போனது வெவ்வேறு ஊர்களில் யார் யாருடைய சேமிப்புக் கணக்குக்கோ. அரசாங்க வரி அப்படியா போகும்? மூன்றாவது தடவை அவருக்கே சந்தேகம் வந்ததாம். "ஆனா அதுவரைக்கும் கட்டின நாப்பதாயிரம் போயிடுமேடா" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது.

இவ்வளவு அபத்தமாகவா எழுதுவார்கள் என்று எனக்கு முன்பெல்லாம் தோன்றும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012-இல் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார். லட்சம் பேருக்கு மெயில் அனுப்புவதில் செலவில்லை. பதில் போடுகிறவரோடு வாரக்கணக்கில் பேசுவதுதான் செலவு. பாதியில் விழித்துக்கொள்கிறவர் அவர்களுக்கு நஷ்டம். அதனால் அப்படிப்பட்டவர்கள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டு விலகிப் போகும்படி எழுதினால் அவர்களுக்கு லாபம். மிச்சம் இருக்கிறவர் சித்தப்பா மாதிரி ஆள்.

இப்போது உன் விஷயம். போன தடவை வந்தபோது, இந்த மாதிரி மெயிலுக்குப் பதில் போட்டுக் கலாய்த்ததாகச் சொன்னாயே, அதை நிறுத்துடா. நீ திட்டி எழுதினாலும், அந்த முகவரியில் ஆள் இருக்கிறான், படிக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்து வருவது லாட்டரியாக இருக்காது, வங்கி பெயரிலோ கூரியர் பெயரிலோ வரும். சித்தப்பாவுக்குப் போன வாரம் போலீஸ் என்று சொல்லி ஒரு போன். போன பணத்தை மீட்டுத் தர 6,000 ரூபாயாம்! நான் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தார்.

1930-க்குப் போன் செய்து, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிந்தாயிற்று. உடனே சொல்லியிருந்தால் அந்தக் கணக்குகளை முடக்கப் பார்த்திருப்பார்கள். நாங்கள் சொன்னது ஐந்து வாரம் கழித்து.

சித்தப்பா கடைத்தெருப் பக்கமே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போடு. பணத்தைப் பற்றி எதுவும் கேட்காதே. பழையபடி கேரம் ஆட வருகிறேன் என்று சொல்.

அன்புடன்,
குமார்